பர்ஸும் போனும் ஒன்றாகப் போனால்: டெபிட் கார்டுக்கான முதல் ஒரு மணி நேரம்

கேள்வி: தாதரில் லோக்கல் ஏறும்போது என் மச்சானின் பர்ஸையும் போனையும் அடித்துவிட்டார்கள். பர்ஸில் டெபிட் கார்டு, ஆதார் எல்லாம் இருந்தது. அவர் நேராகப் போலீசுக்குப் போய், அங்கே ரொம்ப நேரம் காத்திருந்து, அப்புறம்தான் பேங்குக்குப் போன் செய்தார். அதற்குள் பணம் போய்விட்டது. இப்படி நடந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் எதை முதலில் செய்ய வேண்டும்? கார்டை பிளாக் செய்தால் போதுமா?

பதில்:

போதாது. கார்டு, யுபிஐ, சிம் மூன்றையும் நிறுத்த வேண்டும். முதல் இரண்டையும் வங்கிக்குப் பேசும் ஒரே அழைப்பில் முடித்துவிடலாம். சிம்முக்கு இன்னொரு அழைப்பு. போலீஸ் அதற்குப் பிறகுதான். எஃப்ஐஆர் ஒரு மணி நேரம் தாமதமானால் பணம் போகாது, வங்கிக்குச் சொல்வது பத்து நிமிடம் தாமதமானாலும் போகும். மும்பையில் வங்கிக் கிளையில் இந்த மாதிரிப் புகார்களை வாங்கி எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயிலிலேயே உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

ஏன் இந்த வரிசை என்று புரிந்துகொண்டால் பதற்றத்திலும் மறக்காது. கார்டை எடுத்தவனுக்குப் பின் நம்பர் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். ஏடிஎம்மில் அவனால் ஒன்றும் எடுக்க முடியாது. ஆனால் கார்டில் வைஃபை மாதிரி வளைகோடு போட்ட அடையாளம் இருந்து, அந்த வசதியும் திறந்திருந்தால், கடையில் தட்டியே வாங்கலாம். 2021 ஜனவரி 1 முதல் ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை இதற்குப் பின் நம்பர் தேவையில்லை. ஒரு கடையில் தட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம், வங்கி வைத்திருக்கும் நாள் வரம்பு முடியும் வரைக்கும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருந்தால் அது இன்னொரு ஆபத்து. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் கார்டு எண், தேதி, பின்பக்க மூன்று இலக்கம் இருந்தாலே வேலை முடிந்துவிடும், ஓடிபி கேட்பதில்லை.

இதெல்லாம் கார்டு மட்டும் போனால். உங்கள் மச்சானுக்கு நடந்த மாதிரி போனும் சேர்ந்து போகும்போது கதையே வேறு. யுபிஐ பின்னைப் புதிதாக மாற்றுவதற்கு என்ன கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், அது முடியும் தேதி, அப்புறம் போனுக்கு வரும் ஓடிபி. சில வங்கிகள் ஏடிஎம் பின்னும் கேட்கும், எல்லாரும் கேட்பதில்லை. ஆதார் எண்ணையும் ஓடிபியையும் வைத்து மாற்றும் வழியும் இருக்கிறது. பர்ஸில் கார்டும் ஆதாரும், இன்னொரு பையில் போனும் என்றால், இதற்கு வேண்டிய எல்லாமே ஒரே ஆளின் கையில் இருக்கிறது. போனுக்குப் பூட்டு போட்டிருக்கிறேனே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். சிம்முக்குத் தனியாகப் பின் நம்பர் வைத்தவர்களை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் "கார்டை பிளாக் செய்துவிட்டேன், இனிப் பயமில்லை" என்பது தப்பாகிறது. யுபிஐ கார்டோடு கட்டப்பட்டதில்லை, கணக்கோடு கட்டப்பட்டது. கார்டு செத்தாலும் யுபிஐ ஓடும். அதே மாதிரி சிம்மை நிறுத்திவிட்டால் யுபிஐயும் நின்றுவிடும் என்று நம்பி இருந்துவிடவும் கூடாது. ஏற்கெனவே பதிவான போனில் வைஃபை இருந்தால் செயலி வேலை செய்ய வாய்ப்பு உண்டு. அதனால் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி நிறுத்த வேண்டும்.

சரி, முதல் பத்து நிமிடத்துக்கு வருவோம்.

போன் உங்கள் கையில் இருந்து கார்டு மட்டும் காணோம் என்றால் வேலை சுலபம். வங்கிச் செயலியைத் திறந்து கார்டுப் பகுதிக்குப் போனால் இரண்டு வாய்ப்புகள் இருக்கும். ஒன்று, தற்காலிகமாக அணைப்பது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் போட்ட உத்தரவுப்படி எல்லா வங்கியும் இந்த ஆன், ஆஃப் வசதியை இருபத்து நான்கு மணி நேரமும் தர வேண்டும். இன்னொன்று நிரந்தர பிளாக். ஆபீஸ் மேஜையிலேயே விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் இருந்தால் முதலில் அணையுங்கள், தேடிக் கிடைத்தால் திறந்துகொள்ளலாம். அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் நிரந்தரமாக முடக்கிவிடுங்கள். திருட்டு என்று தெரிந்தால் தற்காலிகமெல்லாம் வேண்டாம். அணைப்பது வெறும் சுவிட்ச். நிரந்தர பிளாக் செய்யும்போதுதான் "தொலைந்தது" அல்லது "திருடப்பட்டது" என்ற காரணத்தோடு வங்கியின் பதிவேட்டில் ஒரு நேரம் ஏறும். அந்த நேரம் பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்று கீழே சொல்கிறேன். நிரந்தரமாக முடக்கிய கார்டு மறுபடி உயிர் பெறாது, புதுக் கார்டுக்குக் கட்டணம் உண்டு. அந்தச் சில நூறு ரூபாய்க்காகத் தயங்க வேண்டாம்.

செயலி திறக்கவில்லை, நெட் இல்லை என்றால் குறுஞ்செய்தி வழி இருக்கிறது. ஸ்டேட் பேங்க் வாடிக்கையாளர் என்றால், பதிவான எண்ணிலிருந்து BLOCK என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் போட்டு 567676-க்கு அனுப்ப வேண்டும். கார்டு 4321 என்று முடிந்தால் இப்படி:

```
BLOCK 4321
```

மற்ற வங்கிகள் பலவற்றுக்கும் இது போல ஒன்று உண்டு, உங்கள் வங்கியுடையதை இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். பதிவான எண்ணிலிருந்து அனுப்பினால்தான் இது எடுபடும். அதனால் போனும் போன நிலையில் இது உதவாது.

போனும் போய்விட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு போன் வாங்கிப் பேசத்தான் வேண்டும். இந்த இடத்தில்தான் இரண்டாவது தடவை ஏமாறுகிறார்கள். கார்டின் பின்பக்கம் இருந்த எண் கார்டோடு போய்விட்டது. உடனே கூகுளில் வங்கிப் பெயரைப் போட்டு "கஸ்டமர் கேர்" என்று தேடுவார்கள். அதில் மேலே வருகிற எண் மோசடிக்காரனுடையதாக இருக்கலாம். அவன் அக்கறையாகப் பேசி, "கார்டை பிளாக் செய்ய ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள்" என்பான், அல்லது ஒரு செயலியை இறக்கச் சொல்வான். அதனால் எண்ணை இரண்டே இடத்தில் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கும் பாஸ்புக். இன்னொன்று வங்கியின் சொந்த இணையதளம். ரிசர்வ் வங்கியின் உத்தரவால் இப்போது வங்கிகளின் இணையதளங்கள் .bank.in என்று முடியும் முகவரிக்கு மாறியிருக்கின்றன. முகவரி அப்படி முடிகிறதா என்று பார்த்துவிட்டு அதிலுள்ள எண்ணை அழுத்துங்கள். ஸ்டேட் பேங்க் என்றால் 1800 1234 என்ற எண்ணை மனப்பாடமே செய்துவிடலாம்.

அழைப்பு போனதும் தானியங்கிக் குரல் முதலில் மொழி கேட்கும். பல வங்கிகளில் தமிழும் இருக்கிறது. இந்தியோ மராத்தியோ திக்கித் திணறிப் பேச வேண்டிய நேரமில்லை இது, தமிழ் இருந்தால் தயங்காமல் தமிழை எடுங்கள். கார்டு தொலைந்ததற்கான வாய்ப்பு பெரும்பாலும் முதல் சில தேர்வுகளுக்குள்ளேயே வரும். ஆள் எடுத்தவுடன் நடந்த கதையைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். நான்கு வாக்கியம் போதும்:

"என் டெபிட் கார்டும் போனும் திருடு போய்விட்டது. கார்டை நிரந்தரமாக பிளாக் செய்யுங்கள். இந்தக் கணக்கில் யுபிஐ, மொபைல் பேங்கிங், நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்துங்கள். புகார் எண்ணும், பதிவான நேரமும் சொல்லுங்கள்."

யுபிஐயை மட்டும் தனியாக நிறுத்த அவருக்கு வழி இல்லை என்றால், கணக்கிலிருந்து பணம் வெளியே போகாதபடி டெபிட் ஃப்ரீஸ் போடச் சொல்லுங்கள். சம்பளம் வருவது நிற்காது, போவது மட்டும் நிற்கும். அதைத் திறக்கப் பின்னால் கிளைக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கலாம். அந்த மாதம் கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்து போவதாக இருந்தால் அதற்குள் திறந்துவிடவும் வேண்டும். ஆனால் கணக்கில் பெரிய தொகை இருந்தால் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

நீங்கள்தான் பேசுகிறீர்கள் என்று உறுதிப்படுத்த அவர்கள் சில விவரங்கள் கேட்பார்கள். பெயர், பிறந்த தேதி, பதிவான மொபைல் எண், கணக்கு எண் அல்லது வாடிக்கையாளர் எண், சில சமயம் கடைசியாக நடந்த ஒரு பரிவர்த்தனை. இதெல்லாம் சரி. ஆனால் பின், ஓடிபி, சிவிவி ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி எந்த வங்கி ஊழியரும் கேட்க மாட்டார். கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிட்டு எண்ணை மறுபடி சரிபாருங்கள். இந்த நிமிடத்தில் பலர் மாட்டிக்கொள்வது கணக்கு எண் தெரியாததால்தான். எல்லாமே போனுக்குள் இருந்தது, போன் இல்லை. பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஒரு நகல் எடுத்து வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள், அந்த இடம் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். வீட்டில் ஒருவருடைய மொபைல் எண்ணாவது மனப்பாடமாக இருக்க வேண்டும். இப்போது யாரும் எண்களை மனதில் வைப்பதில்லை, இந்த ஒரு விஷயத்துக்காகவாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள், பேனா இல்லை என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கியாவது. ஏனென்றால் நீங்கள் பேசியது அந்நியரின் போனில், அழைப்புப் பதிவு அவரோடு போய்விடும். உறுதிக் குறுஞ்செய்தி திருடனிடம் இருக்கும் சிம்முக்குத்தான் போகும். வீட்டுக்கு வந்ததும், அல்லது உறவினரின் போனிலிருந்தே, வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: இத்தனை மணிக்கு இந்த எண்ணில் சொன்னேன், புகார் எண் இது. அது உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

அடுத்தது சிம். அதே கம்பெனி சிம் உள்ள யாருடைய போன் கிடைத்தாலும் 198-க்குப் பேசலாம், அல்லது அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு. "சிம் திருட்டு, உடனே நிறுத்துங்கள்" என்றால் பெயர், பிறந்த தேதி மாதிரி சில விவரங்கள் கேட்டுவிட்டு நிறுத்துவார்கள். எண் உங்களை விட்டுப் போகாது, அதே எண்ணில் புது சிம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வங்கிக்கும் ஒருவர் சிம்முக்கும் ஒரே நேரத்தில் பேசுவது நல்லது. ஒரே போன்தான் என்றால் வங்கி முதலில். கார்டை முடக்கினால் கடையில் தட்டுவதும் நிற்கிறது, அந்தக் கார்டை வைத்து யுபிஐ பின் மாற்றுவதும் நிற்கிறது. ஒரே அழைப்பில் இரண்டு வாசல் மூடுகிறது.

இதை ஒரு மாலையில் பொருத்திப் பார்ப்போம். முலுண்டில் குடியிருக்கும் ஒருவர், தாதரில் 7.05 மணிக்கு ஸ்லோ ரயில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சயான் தாண்டும்போது பாக்கெட் காலியாக இருப்பது தெரிகிறது. 7.20-க்கு குர்லாவில் இறங்கிவிடுகிறார். இறங்கியது சரியான முடிவு, ஓடும் கூட்டத்தில் நின்றுகொண்டு பேச முடியாது. ஒரு பயணியின் போனை வாங்கி, மனப்பாடமாக இருக்கும் மனைவியின் எண்ணைக் கூப்பிடுகிறார். மனைவி பாஸ்புக்கை எடுத்து வங்கி எண்ணைப் பார்த்து, இவரையும் சேர்த்துக் கான்ஃபரன்ஸ் போடுகிறார். இது முக்கியம். மனைவி மட்டும் பேசினால் "கணக்கு வைத்திருப்பவரே பேச வேண்டும்" என்று வங்கி நிறுத்திவிடக்கூடும். இவர் மட்டும் பேசினால் கணக்கு எண் கையில் இல்லை. இருவரும் ஒரே அழைப்பில் இருந்தால் இரண்டு தடையும் தீர்ந்தது. 7.31-க்குக் கார்டு முடங்குகிறது, 7.36-க்கு யுபிஐயும் நெட் பேங்கிங்கும் நிற்கின்றன. 7.45-க்கு சிம் நிற்கிறது.

மறுநாள் கிளையில் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் இரண்டு பற்று இருக்கிறது. 7.24-க்கு ஒரு கடையில் 1,950 ரூபாய், 7.28-க்கு இன்னொரு கடையில் 4,600 ரூபாய். இரண்டும் தட்டி வாங்கியவை. மொத்தம் 6,550. இந்தப் பணம் யார் தலையில்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். அதில் நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது மூன்று விஷயம். முதலாவது, நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகும் எந்தப் பணமும் வங்கியின் பொறுப்பு. உங்கள் மேல் தப்பே இருந்தாலும் இது மாறாது. நம் உதாரணத்தில் 7.31-க்குப் பிறகு அந்தக் கார்டில் ஒரு ரூபாய் போயிருந்தாலும் வங்கி தர வேண்டும். புகார் நேரத்தை வாங்குங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இரண்டாவது, தெரிவிப்பதற்கு முன்னால் போனது. வங்கியின் தப்பும் இல்லை, உங்கள் தப்பும் இல்லை, இடையில் வேறெங்கோ குறை என்றால், வங்கியின் தகவல் வந்த நாளைக் கழித்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டிவரும். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

மூன்றாவது, உங்கள் அலட்சியத்தால் நடந்தது என்றால், தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் உங்களுடையது. பின் நம்பரைக் கார்டின் உறையில் எழுதி வைத்திருந்தார், திருடன் 7.26-க்கு ஏடிஎம்மில் 20,000 எடுத்துவிட்டான் என்றால், அந்த 20,000 திரும்புவது கடினம். பர்ஸில் சின்னத் துண்டுச் சீட்டில் பின் எழுதி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில், குறிப்பாகப் பெரியவர்களிடம், நிறைய இருக்கிறது. இன்று இரவே அதை எடுத்துக் கிழித்துவிடச் சொல்லுங்கள்.

நம் ஆள் பின்னை எழுதி வைக்கவில்லை. அவருடைய 6,550-க்கு அவர் தகராறு படிவம் கொடுக்க வேண்டும். பின் இல்லாமல் தட்டி எடுக்கப்பட்டது, தெரிந்த உடனே தெரிவித்துவிட்டேன், இதோ புகார் எண், இதோ எஃப்ஐஆர் நகல் என்று எழுதிக் கொடுக்கலாம். இதில் வங்கி கொஞ்சம் இழுத்தடிக்க வாய்ப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். "தட்டும் வசதியைத் திறந்தது நீங்கள்தானே" என்று சொல்லக்கூடும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது, அதைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள். தகவல் தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 30 நாட்களாகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம்.

இன்னொன்று, ரூபே கார்டில் மெட்ரோ, பேருந்துக்கான பயண வாலட் இருக்கும் வகை உண்டு. மும்பை மெட்ரோவில் பலர் அதைத் தட்டிப் போகிறார்கள். அந்த வாலட்டில் ஏற்றி வைத்த பணம் கார்டுக்குள்ளேயே இருக்கிறது, கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி. கார்டை முடக்கினாலும் அது திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதில் வைக்கவே முடிவது சிறிய தொகைதான், அதனால் இதற்காக அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இப்போது போலீஸ். பணம் போயிருப்பது தெரிந்தால் முதலில் 1930. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். உங்கள் பணம் யுபிஐ வழியாக இன்னொருவர் கணக்குக்குப் போயிருந்தால் இந்த எண்ணுக்குத்தான் மிகப் பெரிய பலம் உண்டு. அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதற்குள் தகவல் போனால் தொகையை அங்கேயே நிறுத்தி வைக்க முடியும். இங்கே நிமிடங்கள் உண்மையிலேயே பணம். வங்கிப் பெயர், கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கேட்பார்கள். பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். கடையில் தட்டி வாங்கிய பணத்துக்கு இந்த வழி அவ்வளவு வேகமாக உதவாது, பொருள் கைமாறிவிட்டது. ஆனாலும் பதிவு இருப்பது நல்லது.

பணம் போகவில்லை, கார்டும் போனும் மட்டும்தான் போயிற்று என்றால் 1930 தேவையில்லை, நேராக எஃப்ஐஆர். ரயிலிலோ ஸ்டேஷனிலோ நடந்த திருட்டு ரயில்வே போலீசுடையது, அதாவது ஜிஆர்பி. தாதர், குர்லா, தாணே மாதிரிப் பெரிய ஸ்டேஷன்களில் அவர்களுடைய காவல் நிலையம் இருக்கிறது. வெளியே இருக்கும் நகரக் காவல் நிலையத்துக்குப் போனால் ஜிஆர்பிக்குப் போகச் சொல்வார்கள், குர்லாவுக்குப் போனால் தாதருக்கு என்பார்கள். சட்டப்படி எந்தக் காவல் நிலையமும் ஜீரோ எஃப்ஐஆர் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு அது. மரியாதையாக அதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று "பொருள் தொலைந்தது" என்ற புகாராக எழுதி ஒரு சீட்டைத் தர முன்வருவார்கள். மும்பை போலீசின் இணையதளத்திலும் தொலைந்த பொருளுக்கான பதிவு இருக்கிறது. புது கார்டும் சிம்மும் வாங்க அது போதும். ஆனால் பணம் போயிருந்தால், நாளைக்கு வங்கியிடம் "எடுத்தது நான் இல்லை" என்று நிற்க வேண்டியவர் நீங்கள். அதற்குத் திருட்டு என்று பதிவான எஃப்ஐஆர் வேண்டும். அதில் கார்டின் கடைசி நான்கு இலக்கம், வங்கி, நடந்த இடம், நேரம், வங்கிக்குத் தெரிவித்த நேரம், புகார் எண் எல்லாம் இருக்கட்டும். முழுக் கார்டு எண்ணை எழுத வேண்டாம்.

போலீஸ் நிலையத்தில் எழுதி முடிப்பதற்குள் அந்த ஒரு மணி நேரம் தாண்டிவிடும். அதற்கு அப்புறம் வருவதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புது சிம் வாங்கினாலும் அதில் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, இது மோசடியைத் தடுக்க அரசே வைத்த ஏற்பாடு. ஓடிபி வரவில்லையே என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். அதற்குள் பணம் வேண்டுமானால் பாஸ்புக்கும் அடையாள அட்டையும் கொண்டு கிளைக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். போனின் ஐஎம்இஐ எண்ணையும் போலீஸ் புகாரையும் வைத்து sancharsaathi.gov.in தளத்தில் போனையே எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். ஐஎம்இஐ எண் போன் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். பெட்டி இல்லாதவர்கள் இப்போதே `*#06#` தட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். அதே எண் பதிவான வேறு வங்கிக் கணக்குகள் இருந்தால் அவற்றுக்கும் சொல்ல வேண்டும். இரண்டாவது கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள், திருடனுக்குச் சிம் கிடைத்தால் அதுவும் ஒன்றுதான்.

அடுத்த சில நாட்களில் வரும் அழைப்புகளிலும் கவனமாக இருங்கள். "உங்கள் பர்ஸ் கிடைத்திருக்கிறது" என்றோ, "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் புகாரை முடிக்க ஓடிபி சொல்லுங்கள்" என்றோ யாராவது பேசலாம். பர்ஸ் உண்மையிலேயே கிடைத்தால் போய் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பழைய கார்டை வெட்டிப் போட்டுவிடுங்கள்.

உங்கள் மச்சான் விஷயத்தில் இன்னும் காலம் இருக்கலாம். வங்கிக்குச் சொன்ன நேரம் என்ன, ஒவ்வொரு பற்றும் எத்தனை மணிக்கு, எந்த வழியில் என்று ஸ்டேட்மென்டில் குறித்துக்கொண்டு, மூன்று வேலை நாட்கள் முடிவதற்குள் எழுத்தில் தகராறு படிவம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் பேசிய நேரத்துக்குப் பிறகு போன தொகை ஏதாவது இருந்தால் அதைத் தனியாக ஒரு வரியில் காட்டச் சொல்லுங்கள், அதில் வங்கி வாதாட ஒன்றும் இல்லை. யுபிஐ வழியாக ஏதாவது போயிருந்து 1930-க்கு இன்னும் சொல்லவில்லை என்றால், இதைப் படித்த கையோடு சொல்லச் சொல்லுங்கள்.